வேலை அனுபவம் இல்லாத பொறியியல் பட்டதாரி, ரெஸ்யூமில் அனுபவத்தையும் ப்ராஜெக்டையும் எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு வருடமும் மே, ஜூன் மாதங்களில் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் ரெஸ்யூமை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். இன்டர்வியூவில் கேள்வி கேட்கும் இடத்தில் சில வருடம் உட்கார்ந்தவன் என்பதால் என்னிடம் காட்டினால் திருத்திக் கொடுப்பேன் என்று வருகிறார்கள். படிப்பு, மதிப்பெண் பகுதிகளில் பெரிதாகப் பிழை இருக்காது. `Projects`, `Experience` என்ற இரண்டு தலைப்புக்குக் கீழேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

போன வருடம் வந்த ஈசிஇ முடித்த ஒரு தம்பியின் ரெஸ்யூமை வைத்தே முழுவதையும் சொல்கிறேன். நான்கு பேர் சேர்ந்து செய்த கடைசி வருட ப்ராஜெக்ட் ஒன்று, ஐந்து நாள் இன்பிளான்ட் ட்ரெய்னிங் ஒன்று, ஆத்தங்குடியில் பெரியப்பாவின் டைல்ஸ் பட்டறையில் சனிக்கிழமைதோறும் போய்ப் பார்த்த வேலை. இவ்வளவுதான் அவன் கையில் இருந்தது. பட்டறை வேலையை அவன் ரெஸ்யூமில் எழுதவே இல்லை.

## 1. எழுத உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் இவற்றை ஓரிடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்: ப்ராஜெக்ட் ரிப்போர்ட், கடைசியாக ஓடிய கோட், வேலை நடந்தபோது போனில் எடுத்த படங்கள், டீமின் வாட்ஸ்அப் குரூப், ட்ரெய்னிங் சான்றிதழ், வீட்டுத் தொழிலிலோ கடையிலோ நீங்கள் எழுதிய நோட்டு, கணக்கு ஏதாவது இருந்தால் அது.

வாட்ஸ்அப் குரூப்பைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ரிப்போர்ட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது போல எழுதியிருப்போம். எது உடைந்தது, யார் சரிசெய்தது, எத்தனை நாள் ஆனது என்பதெல்லாம் குரூப்பில்தான் தேதியோடு இருக்கும். ரெஸ்யூமுக்குத் தேவையான விஷயம் அங்கேதான் கிடைக்கிறது.

## 2. முதலில் ப்ராஜெக்ட், அப்புறம் அனுபவம்

பெரும்பாலும் பிள்ளைகள் அனுபவப் பகுதியிலிருந்து தொடங்குகிறார்கள். அங்கே எழுத ஒன்றும் இல்லை என்ற பயத்தில் எதையாவது ஊதிப் பெரிதாக்கி விடுகிறார்கள். அந்தத் தொனி ப்ராஜெக்ட் பகுதியிலும் ஒட்டிக்கொள்கிறது.

ப்ராஜெக்டை முதலில் எழுதினால் ஒரு வரியை எப்படி எழுத வேண்டும் என்று கை பழகிவிடும். அந்தப் பழக்கத்தோடு அனுபவப் பகுதிக்கு வந்தால் சின்ன வேலையைக்கூடச் சரியான அளவில் சொல்ல வரும். ரெஸ்யூமிலும் ப்ராஜெக்ட் மேலேயே இருக்கட்டும். புதிதாக வருகிறவரிடம் கேட்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

## 3. "நாங்கள்" என்பதை "நான்" ஆக்குங்கள்

தம்பி கொண்டு வந்த வரி இதுதான்:

"ஐஓடி தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தி நீர்த்தொட்டி மட்டத்தைக் கண்காணித்து மோட்டாரைத் தானாக இயக்கும் அமைப்பு உருவாக்கப்பட்டது."

யார் உருவாக்கியது என்பது அதில் இல்லை. இதே வரி அதே கல்லூரியிலிருந்து வரும் நான்கு ரெஸ்யூமில் இருக்கும். ஒரே நாளில் நான்கையும் வாசிப்பவருக்கு நான்கும் ஒன்றாகத்தான் தெரியும்.

ஒரு தாளில் நான்கு பேரின் பெயரையும் எழுதி, எதிரே அவரவர் செய்ததை எழுதச் சொன்னேன். ஒருவன் ரிலே, கான்டாக்டர், மோட்டார் வயரிங். இன்னொருவன் போன் ஆப். ஒரு பெண் ரிப்போர்ட்டும் பெட்டி வடிவமைப்பும். தம்பி இஎஸ்பி32 போர்டையும் அல்ட்ராசானிக் சென்சாரையும் இணைத்து, தூரம் அளக்கும் கோட் எழுதியவன். ஆக அவன் ரெஸ்யூமில் விரிவாக வர வேண்டியது சென்சார் பகுதி மட்டும்தான். டீமில் எத்தனை பேர், மொத்த அமைப்பு என்ன செய்கிறது என்பதற்கு ஒரு வரி போதும்.

பங்கைக் குறைத்துச் சொன்னால் மதிப்பு போய்விடுமே என்று அவன் தயங்கினான். நான் கேள்வி கேட்ட நாட்களில் பார்த்தது நேர்மாறாக இருந்தது. முழுவதையும் நானே செய்தேன் என்கிறவரிடம் எந்த மூலையிலிருந்தும் கேள்வி வரும், ஏதோ ஓரிடத்தில் மாட்டிக்கொள்வார். சென்சார் பகுதி என்னுடையது என்று சொன்னவரிடம் கேள்வி அங்கேயே சுற்றும், அது அவருக்குத் தெரிந்த இடம்.

## 4. எண் இல்லையென்றால் இப்போதே போய் அளந்து வாருங்கள்

இந்தப் படியை ஏறக்குறைய எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நான் அதிக நேரம் உட்கார வைப்பதும் இதில்தான்.

"உங்கள் சென்சார் எவ்வளவு துல்லியமாக அளக்கிறது?" என்று தம்பியிடம் கேட்டேன். "நல்லா வேலை செய்யும்ணே" என்றான். ரிப்போர்ட்டில் 98 சதவீதம் என்று இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. வேறு ஒரு ரிப்போர்ட்டிலிருந்து வந்த எண். அந்த எண்ணை ரெஸ்யூமில் போட்டால் முதல் கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ப்ராஜெக்ட் முடிந்துவிட்டதே என்று விட வேண்டாம். போர்டு யார் வீட்டிலாவது பெட்டியில் கிடக்கும். தம்பியின் போர்டு தேவகோட்டையில் நண்பன் வீட்டில் இருந்தது. மறுநாளே எடுத்து வந்தான். வீட்டுத் தாழ்வாரத்தில் சுவருக்கு எதிரே சென்சாரை வைத்து, டேப் பிடித்து 50, 100, 150 செ.மீ. தூரத்தில் தலா பத்து முறை அளந்தோம். வேலை முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

50 செ.மீ. இருக்கும் இடத்தில் 48-ஐ ஒட்டி வந்தது. 100-க்கு 96, 97. 150-க்கு 145-ஐ ஒட்டி. பத்து முறையும் ஏறக்குறைய அதே எண். இதை அப்படியே விட்டிருந்தால் "சென்சார் சுமார்" என்பதோடு முடிந்திருக்கும். ஆனால் தவறு தூரத்தோடு சேர்ந்து கூடுகிறது, எப்போதும் குறைவாகவே காட்டுகிறது. சென்சாரை வைத்த இடத்தில் பிசகு இருந்தால் எல்லாத் தூரத்திலும் ஒரே அளவு தவறு வரும். விகிதமாகக் கூடுகிறது என்றால் பெருக்கும் எண்ணில்தான் கோளாறு.

கோட் ஃபைலைத் திறந்தோம். ஒலியின் வேகத்துக்கு 0.034 என்று இருந்தது, அதாவது மைக்ரோ நொடிக்கு 0.034 செ.மீ., நொடிக்கு 340 மீட்டர். இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்களில் பெரும்பாலும் இருக்கும் எண் அது. காற்று 15 டிகிரியை ஒட்டி இருந்தால் பொருந்தும். அன்று தாழ்வாரத்தில் தெர்மாமீட்டர் 35 டிகிரி காட்டியது. காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும், எதிரொலி சீக்கிரம் திரும்பும், கோட் அதைக் குறைந்த தூரம் என்று எடுத்துக்கொள்ளும். 35 டிகிரியில் வேகம் நொடிக்குச் சுமார் 352 மீட்டர். கணக்குப் போட்டால் 100 செ.மீ. தூரம் 96.5 என்று வர வேண்டும். அப்படியே வந்திருந்தது.

```
// பழையது
d = t * 0.034 / 2;

// புதியது: T = காற்றின் வெப்பநிலை
c = (331.3 + 0.606 * T) / 10000;
d = t * c / 2;
```

`T` இடத்தில் 35 போட்டு மறுபடி அளந்தபோது மூன்று தூரத்திலும் தவறு 1 செ.மீ.க்குள் வந்துவிட்டது. மொட்டை மாடித் தொட்டிக்குள் உச்சி வெயிலில் வெப்பம் இன்னும் கூடும், இரவில் குறையும். அதனால் `T` நிலையான எண்ணாக இருக்கும்வரை இது முழுத் தீர்வு இல்லை, வெப்பநிலை சென்சார் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த வரம்பையும் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். இன்டர்வியூவில் "அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் பதில் அதுதான்.

மற்ற துறைகளிலும் இதே வழிதான். சிவில் என்றால் கான்கிரீட் கனசதுரங்களை உடைத்தபோது எழுதிய எண்கள் லேப் நோட்டில் இருக்கும். சிஎஸ்இ என்றால் அந்தப் பக்கம் திறக்க எத்தனை நொடி ஆகிறது என்று இன்றைக்கே பார்க்கலாம். அளந்த தேதியையும் அளந்த விதத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

## 5. ப்ராஜெக்ட் வரிகளை எழுதுதல்

ஒரு ப்ராஜெக்டுக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு வரி. முதல் வரியில் அது என்ன, எத்தனை பேர். அடுத்தது உங்கள் பங்கு. அதற்கடுத்தது நீங்கள் கண்டுபிடித்த ஒரு சிக்கலும் அதைத் தீர்த்த விதமும், எண்ணோடு. தம்பியின் ப்ராஜெக்ட் இப்படி ஆனது:

"விடுதி மேல்நிலைத் தொட்டிக்கான தானியங்கி மோட்டார் கட்டுப்பாடு. நான்கு பேர் குழு, ஐந்து மாதம்."

"இஎஸ்பி32 போர்டில் அல்ட்ராசானிக் சென்சாரை இணைத்து மட்டம் அளக்கும் நிரலை எழுதினேன். சென்சாரின் 5 வோல்ட் சிக்னலை 3.3 வோல்டாகக் குறைக்க மின்தடைப் பிரிப்பான் அமைத்தேன்."

"100 செ.மீ.க்கு 3.5 செ.மீ. குறைவாகக் காட்டிய தவறு, ஒலி வேகத்தில் வெப்பநிலையைச் சேர்க்காததால் வந்தது என்று கண்டறிந்து, 1 செ.மீ.க்குள் குறைத்தேன்."

ரெஸ்யூமில் இதை ஆங்கிலத்தில் எழுதும்போது வினைச்சொல்லை முதலில் வையுங்கள்: `Built`, `Measured`, `Traced`, `Reduced` என்று. வாசிப்பவர் ஒரு வரியில் முதல் இரண்டு மூன்று சொல்லைத்தான் முதல் சுற்றில் பார்க்கிறார். அங்கே நீங்கள் செய்த செயல் இருக்க வேண்டும். `Was involved in`, `Helped in` என்று தொடங்கும் வரி, நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தது போலத்தான் ஒலிக்கும்.

## 6. ப்ராஜெக்டை விலைக்கு வாங்கியிருந்தால்

இதைச் சொல்லாமல் விட முடியாது. மதுரை, திருச்சி பக்கம் ப்ராஜெக்ட் சென்டர்களில் பணம் கொடுத்து வாங்கிய பிள்ளைகள் நிறையப் பேர். வருகிறவர்களில் பலர் குரலைத் தாழ்த்தித்தான் இதைச் சொல்கிறார்கள். நான் திட்டுவதில்லை, ஆனால் அதை அப்படியே எழுத விடுவதும் இல்லை.

முதல் வழி, வாங்கியதில் ஒரு பகுதியை நீங்களே மறுபடி செய்வது. முழு அமைப்பையும் வேண்டாம். சென்சார் பகுதி மட்டும், அல்லது லாகின் பக்கம் மட்டும். வெற்று ஃபைலிலிருந்து தொடங்கி, வாங்கிய கோட் எதையும் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். ஒரு வாரம், பத்து நாள் ஆகும். எழுதி முடித்த பகுதியை மட்டும் உங்கள் பங்கு என்று போடுங்கள்.

இரண்டாவது வழி, அந்தப் பெரிய ப்ராஜெக்டைப் படிப்புப் பகுதியில் தலைப்பாக ஒரு வரியில் வைத்துவிட்டு, ப்ராஜெக்ட் பகுதியில் சொந்தமாகச் செய்த சின்ன ஒன்றைப் போடுவது. தலைப்பு சின்னதாக இருந்தால் பரவாயில்லை. முகம் அடையாளம் காணும் ஏடிஎம் என்று எழுதி, எந்த அல்காரிதம் என்று கேட்டதும் வாயடைத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மற்ற கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்ன பிறகும் அந்த ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

## 7. அனுபவப் பகுதி: எது வரலாம், எது வரக் கூடாது

ஒருவருக்காக, ஒரு பொறுப்போடு, தொடர்ந்து சில வாரமாவது செய்த வேலை என்றால் அனுபவம். சம்பளம் வந்ததா என்பது இரண்டாவது கேள்வி. நீங்கள் வராவிட்டால் யாருக்காவது வேலை நின்றிருக்குமா? ஆம் என்றால் எழுதலாம்.

ஐந்து நாள் இன்பிளான்ட் ட்ரெய்னிங் இந்த அளவில் நிற்காது. அதை `Training` என்று தனித் தலைப்பில் ஒரே வரியில், நாட்களின் எண்ணிக்கையோடு போடுங்கள். அதை `Intern` என்று மாற்றி எழுதுவதுதான் நான் அடிக்கடி திருத்தும் தவறு. சான்றிதழில் ஐந்து நாள் என்று தேதி இருக்கும், வேலைக்கு எடுத்த பின் சரிபார்க்கும்போது வெளியே வரும். நான் முதல்வன், என்பிடெல் படிப்புகளும் இதே தலைப்பில்தான் வர வேண்டும்.

அப்புறம் பட்டறை. தம்பி அதை எழுதாததற்குச் சொன்ன காரணம், "அது நம்ம வீட்டு வேலைதானேண்ணே." அங்கே என்ன செய்தான் என்று கேட்டுக் கேட்டு எடுத்தேன்.

ஆத்தங்குடி டைல்ஸ் கண்ணாடிமேல் அச்சு வைத்து, வண்ண சிமென்ட் கலவையைக் கையால் ஊற்றிச் செய்வது. சூளையில் சுடுவது கிடையாது, தொட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊற வேண்டும். பெரியப்பா ஆர்டரை மனக்கணக்கில் போடுவார். எண்ணிக்கை குறைந்துபோனால் மறுபடி ஊற்ற வேண்டும், அதுவும் தொட்டியில் ஊற வேண்டும், கையால் கலக்கும் வண்ணம் முன்பு ஊற்றியதோடு அப்படியே ஒத்துப்போவதும் கஷ்டம். வீட்டுக்காரர் தரையில் வித்தியாசம் தெரிகிறது என்பார்.

இரண்டாம் வருடப் படிப்பிலிருந்து தம்பி அந்த ஆர்டர் நோட்டை எக்செலுக்கு மாற்றி வைத்திருந்தான். எட்டு அங்குலச் சதுரக் கல் என்றால் ஒரு சதுர அடிக்கு 144-ஐ 64-ஆல் வகுத்து 2.25 கல். உடைசலுக்கு 5 சதவீதம் கூடுதல். ஒரே வரிக் கணக்கு:

```
=ROUNDUP(B2*2.25*1.05,0)
```

420 சதுர அடி ஆர்டருக்கு 993 கல் என்று வரும். பத்து அங்குலக் கல் என்றால் 2.25-க்குப் பதில் 1.44. தொட்டியில் இறக்கிய நாளுக்கு ஒரு கட்டம் சேர்த்து, அதிலிருந்து கொடுக்கும் தேதியும் தானாக வரும்படி வைத்திருந்தான். இவ்வளவையும் செய்துவிட்டு அனுபவம் இல்லை என்று எழுதியிருந்தான்.

"ஆர்டர், இருப்பு கணக்கு (பகுதி நேரம், சனிக்கிழமைகள்), குடும்ப டைல்ஸ் பட்டறை, ஆத்தங்குடி. கையெழுத்து ஆர்டர் நோட்டை எக்செலுக்கு மாற்றினேன். சதுர அடியிலிருந்து கல் எண்ணிக்கை, உடைசல், கொடுக்கும் தேதி தானாகக் கணக்கிடும்படி அமைத்தேன்." இப்படி எழுதினோம். மாதம், வருடம் போட்டோம். "குடும்ப" என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். மறைத்தது பிறகு தெரிந்தால் மீதி வரிகளையும் நம்ப மாட்டார்கள்.

`Operations Manager` போன்ற பட்டம் எதுவும் போட வேண்டாம். செய்த வேலையின் பெயரே பதவியாக இருக்கட்டும். துணிக்கடையில் பில் போட்டது, அச்சகத்தில் டிடிபி செய்தது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது எல்லாம் இதே முறையில் வரும். என்எஸ்எஸ் முகாமில் கணக்கு எழுதியிருந்தால் வரும், முகாமுக்குப் போனது மட்டும் என்றால் வராது.

ஒன்றுமே இல்லையென்றால் இந்தத் தலைப்பையே எடுத்துவிடுங்கள். காலியாகவோ `Fresher` என்ற ஒற்றைச் சொல்லோடோ நிற்பதைவிட இல்லாமல் இருப்பது நல்லது.

## 8. ஒவ்வொரு வரியையும் மூன்று கேள்விக்கு உட்படுத்துங்கள்

துறை தெரிந்த நண்பர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் "ஏன் இப்படிச் செய்தாய்? வேறு வழி இருந்ததா? தவறிப்போனது எது?" என்று கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது கேள்வியிலேயே பதில் நின்றுபோகும் வரியை எடுத்துவிடுங்கள், அல்லது படித்துவிட்டு வாருங்கள்.

தம்பியிடம் நான் கேட்டதில் ஒன்று: "ரிலே மேலேயே 10 ஆம்பியர் என்று இருக்கிறதே, கான்டாக்டர் எதற்கு?" அது நண்பன் செய்த பகுதி, அவனுக்குத் தெரியவில்லை. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும், சின்ன ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காமல் ஓடித் தொட்டி வழியும். அதனால் ரிலே கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்குகிறது. அன்றே நண்பனுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டான். உங்கள் பங்கு இல்லாத பகுதியை உரிமை கொண்டாட வேண்டாம், ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

## 9. அனுப்பும் முன்

விண்ணப்பப் படிவத்தில் `Total Experience` கேட்டால் 0 என்றே போடுங்கள். பகுதி நேர வேலையை அங்கே மாதக் கணக்காக்கினால், வடிகட்டும்போது புதியவர்கள் பட்டியலிலிருந்தே பெயர் விழுந்துவிடலாம்.

ஒரு பக்கத்துக்குள், ஒரே நெடுவரிசையாக, எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிற பிடிஎஃப் ஆக இருக்கட்டும். இரண்டு நெடுவரிசை டிசைன்களைக் கணினி வாசிக்கும்போது ப்ராஜெக்ட் வரியும் மதிப்பெண்ணும் ஒன்றோடொன்று கலந்துபோவது உண்டு. முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை சரியாக வந்தால் போதும்.

எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போகும் தாளில் சென்சார் ப்ராஜெக்ட் மேலே. டேட்டா, ஆபரேஷன்ஸ் வேலைக்கு அனுப்பும்போது பட்டறையின் எக்செல் வேலையை மேலே ஏற்றிவிடலாம். எந்த இடத்துக்கு எந்தத் தாள் போனது என்று கம்பெனி பெயரோடு தனித்தனி ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து அழைப்பு வரும்போது அவர்கள் கையில் இருக்கும் அதே தாளை எடுத்துப் படித்துவிட்டுப் போக அது வேண்டும்.